பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒன்றுகள்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சந்தேகக்கா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "எதுக்காக இன்னைக்கு இவ்வளவு இனிமையா கூப்பிடுறீங்க?" என்று மட்டும் கேட்பார்.

அவர் கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஒருமுறை அலுவலக பீரோவின் பூட்டைப் பார்க்க வந்தபோது என்னிடம் சொன்னார்: "ஊரெல்லாம் நான் போட்ட பூட்டை நம்பித் தூங்குது. எங்க வீட்ல மட்டும் நான் பூட்டின கதவை அவ இன்னொரு தடவை இழுத்துப் பாக்காம வெளியே போனதில்லை." அக்கா மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பார். காய்கறிக் கடையில் ஒரு தராசில் நிறுத்ததைப் பக்கத்துக் கடைத் தராசில் வைப்பார். இரண்டு கடைக்காரர்களும் அவரைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்களாம்.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் அலுவலகத்தில் கிடைத்த வேலை, சந்தேகப்படுவது. எங்களுடையது புதிர் மாத இதழ். செருப்புக் கடை ஒன்றின் மேலே, இரண்டாவது மாடியில் மூன்று அறைகள். நான் பக்கங்களை வடிவமைப்பவன். எனக்கு எதிர் மேஜையில் அவர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு புதிரையும் அச்சுக்குப் போகும் முன் அவர் தானே போட்டுப் பார்க்க வேண்டும். விடை வருகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். ஒரே ஒரு விடைதான் வருகிறதா என்று பார்ப்பதுதான் முழு வேலை. இரண்டு விடை வரும் புதிர் எங்கள் தொழிலில் புதிரே இல்லை.

எங்கள் இதழில் அதிகம் பேர் விரும்பிப் போடுவது சாய்கோட்டுப் புதிர். பத்துக்குப் பத்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட வேண்டும். இப்படிச் சாயலாம், அல்லது அப்படிச் சாயலாம், அவ்வளவுதான். கட்டங்களின் மூலைகள் சந்திக்கும் புள்ளிகள் சிலவற்றில் சின்ன வட்டம் போட்டு எண் எழுதியிருக்கும். மூன்று என்றால் அந்தப் புள்ளியில் மூன்று கோடுகள் வந்து சேர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்னொரு விதி, கோடுகள் எங்கேயும் சுற்றி வந்து வளையமாக மூடிக்கொள்ளக் கூடாது.

புதிதாகப் புதிர் அனுப்புகிறவர்கள் சில சமயம் நடுவில் இருக்கும் புள்ளி ஒன்றுக்குப் பூஜ்யம் போட்டு அனுப்புவார்கள். அக்கா அதைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார். நாலு பக்கக் கட்டமும் அந்தப் புள்ளியைத் தொடாமல் சாய்ந்தால், நாலு கோடும் சேர்ந்து அதைச் சுற்றி ஒரு வைர வடிவ வளையம் ஆகிவிடும். "ஓரத்துல பூஜ்யம் போடு, மூலையில போடு. நடுவுல போட்டா எப்படி? விதியையே படிக்காம புதிர் போடுறான் பாரு" என்று எனக்குக் கேட்கும்படி திட்டுவார். நான் என்ன பாவம் செய்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அவரிடம் ஒரு கண்டிப்பான பழக்கம் இருந்தது. புதிர் போடுகிறவர்கள் புதிரை ஒரு தாளிலும், விடையைத் தனி உறையில் ஒட்டியும் அனுப்ப வேண்டும். விடைத் தாளின் அடியில் ‘திறவுகோல் வரி’ என்று ஒன்று எழுத வேண்டும். புதிரில் எங்கே சிக்கும், எந்த யோசனையில் அது அவிழும் என்று ஓரிரு வரி. புதிரை முழுதாகப் போட்டு முடிக்கும்வரை அக்கா அந்த உறையைக் கிழிக்க மாட்டார். "விடையைப் பாத்துட்டா என் கண்ணு எனக்கே பொய் சொல்லும்" என்பார். அதுவரை பதினொரு வருஷத்தில் அவர் கை பட்ட புதிர்களில் ஒன்றுகூட இரண்டு விடையோடு அச்சேறியதில்லை. ஒவ்வொரு இதழிலும் கடைசிப் பக்கத்தில் ‘சரிபார்த்தது’ என்று அவர் பெயர் வரும். அந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு மாதமும் என் திரையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். எழுத்துப் பிழை இருக்குமோ என்ற சந்தேகம்தான், பெருமை இல்லை என்று சொல்வார். நான் நம்பியதில்லை.

சாய்கோட்டுப் புதிர் போடுகிறவர்களில் எங்களுக்கு முக்கியமானவர் பஸ்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலை ஏற்றும் வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் அட்டை வைத்துப் புதிர் போடுவாராம். மாதம் இரண்டு வரும். இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல எண்கள் ஒத்து அமைந்திருக்கும். அவற்றைப் பக்கத்தில் வைக்கும்போதே எனக்குக் கை சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும்.

போன வருஷம் நடுவில் திடீரென்று மாதம் இரண்டு என்பது எட்டு ஆனது. எண்களின் அந்த ஒழுங்கும் போய்விட்டது. ஒரு மூலையில் குவியலாக, இன்னொரு மூலையில் ஒன்றுமே இல்லாமல், வாரி இறைத்ததுபோல வந்தன. அக்கா எட்டு உறைகளையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார்.

"தம்பி, இங்க வா. இது பஸ்காரர் போட்டதா தெரியுதா உனக்கு?"

"அவர் கையெழுத்துதானே அக்கா?"

"கையெழுத்து அவரோடது. மூளை யாரோடது? கம்ப்யூட்டர்தான் இப்படி எண்ணை வாரி இறைக்கும். அதுக்கு அழகு தெரியாது."

எங்கள் இதழின் அட்டையிலேயே ‘முழுக்க மனிதர்கள் உருவாக்கிய புதிர்கள்’ என்று போட்டிருக்கிறோம். ஆசிரியருக்கு அது உயிர் மாதிரி. கம்ப்யூட்டரில் புதிரை உண்டாக்கி, கையால் நகல் எடுத்து அனுப்பிய ஒருவரை அவர் ஏற்கெனவே விரட்டியிருக்கிறார். அக்கா தம் சந்தேகத்தை அவர் காதில் போட்டார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்பாரா?

ஆசிரியர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். எட்டு எட்டாக வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க ஆரம்பிச்சு வச்சது. நீங்களே முடிங்க. அவர் அனுப்பினது எல்லாத்தையும் எடுத்துப் பாத்து எனக்கு ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க. மெஷின்னா அடுத்த மாசத்துல இருந்து அவர் புதிர் இந்த ஆபீஸ் வாசப்படி ஏறக் கூடாது. மனுஷன்னா அதுக்கு எனக்கு ஆதாரம் வேணும். ‘தோணுது’ன்னு எழுதாதீங்க."

அக்கா உற்சாகமாகத்தான் திரும்பி வந்தார். பழைய இதழ்களை எடுத்து வைத்து, அச்சான புதிர்களைப் புதிதாகப் போட ஆரம்பித்தார். இந்த முறை பழைய பழக்கப்படி விடையைப் பார்க்காமல். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதரின் கழுத்தில் கயிறு மாட்ட இவ்வளவு ஆசையா என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன் அச்சான புதிர். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, நடுவில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்களைத் தவிர.

"என்னக்கா, மாட்டிக்கிச்சா?"

"உக்காரு" என்றார். குரலே மாறிவிட்டிருந்தது.

அந்த இரண்டு கட்டங்களும் ஒட்டும் இடத்தில், இடப்பக்கப் புள்ளியில் ஒன்று என்ற எண், வலப்பக்கப் புள்ளியிலும் ஒன்று; சுற்றியிருந்த வேறு கோடு எதுவும் அவற்றைத் தொடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒன்றுகள். மேல் கட்டம் எப்படிச் சாய்ந்தாலும் இடது ஒன்றையோ வலது ஒன்றையோ தொட்டே தீரும். கீழ்க் கட்டமும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு கோடு வேண்டும் என்பதால் இரண்டு கட்டமும் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். இரண்டும் இப்படியா, இரண்டும் அப்படியா என்று சொல்ல மேலேயும் கீழேயும் உள்ள நாலு புள்ளிகளில் எதிலாவது எண் இருக்க வேண்டும். நாலும் காலி.

"அப்படின்னா எப்படிச் சாஞ்சாலும் சரியா வருமா?" என்று கேட்டேன்.

"வரும். ரெண்டு விடை."

"வளையம்? ஒரு பக்கம் சாஞ்சா எங்கயாவது வளையம் ஆகாதா?"

"ஆகவே ஆகாது. ஒண்ணுன்னு போட்ட புள்ளி முட்டுச்சந்து. ஒரு கோடு உள்ள வரும், வெளியே போக இன்னொரு கோடு கிடையாது. இந்தக் கட்டங்கள்ல கோடு எப்படிப் போட்டாலும் அதோட ஒரு முனை முட்டுச்சந்துலதான் இருக்கு. அந்த வழியா வளையம் எப்படிடா சுத்தி வரும்?"

விடைத் தாளை எடுத்துக் காட்டினார். அடியில் பஸ்காரரின் திறவுகோல் வரி இருந்தது: ‘நடுவில் உள்ள இரண்டு கட்டங்கள் இடது பக்கம் சாய்ந்தால் வளையம் ஆகும். ஆகவே வலது பக்கம்.’ தப்பான யோசனை. அதற்கு அக்கா தம் கையாலேயே ஒரு டிக் போட்டு, தேதியும் போட்டிருந்தார்.

முதல் எட்டு வந்த மாதம் என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு உறைகளையும் ஒரே நேரத்தில் கிழித்து, விடைகளைப் பரப்பி வைத்துக் கம்ப்யூட்டரின் கைவரிசை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். பிறகுதான் புதிர்களைப் போட்டார். விடையைப் பார்த்த கண் அந்த இடத்தில் தயங்காமல் கோடு போட்டிருக்கிறது. ஆளைச் சந்தேகப்பட்ட அவசரத்தில் புதிரைச் சந்தேகப்பட மறந்துவிட்டார்.

"வாசகர் யாரும் எழுதலையே அக்கா?"

"வேற மாதிரி போட்டவங்க எல்லாம் தாங்கதான் தப்பா போட்டோம்னு நெனச்சுட்டிருப்பாங்க. நம்ம மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை." இதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆசிரியர் கேட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது. ஒரே விடைதானா என்று பார்க்காமல் எந்தக் கம்ப்யூட்டரும் இந்தப் புதிரை வெளியே தள்ளாது. இல்லாத வளையத்தை இருப்பதாக நினைத்து, அந்தத் தைரியத்தில் தேவையான எண்ணை எடுத்துவிடுவது மனிதன் மட்டுமே செய்கிற தப்பு. ஆனால் அதை எழுதினால் அதன் பக்கத்திலேயே அக்காவின் டிக்கையும் காட்ட வேண்டும். எழுதாவிட்டால் பஸ்காரர் போய்விடுவார், அக்காவின் பதினொரு வருஷம் அப்படியே இருக்கும். இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேல்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்காரர் வீட்டுக்குப் போனார். எதற்கு நான் என்று கேட்டதற்கு, "சாட்சி வேணும். நாளைக்கு அவர் ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னேன்னு வரக் கூடாது" என்றார். அப்போதும் அவருக்குச் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. பஸ் ஷெட் பக்கத்தில் வீடு இருக்கும் என்று நினைத்தால், ஒரு மாடிப்படியின் கீழ் இருந்த சின்ன வீடு. பட்டப்பகலில் ஓட்டுநர் வீட்டில் இருந்தார். சாப்பாட்டு மேஜைமேல், நாலு பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும்படி ஒரு பெரிய புதிர். பக்கத்தில் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி. தாள் முழுக்க ரப்பரால் அழித்த கறை.

நாங்கள் யார் என்று சொன்னதும் தடுமாறி எழுந்தார். நாற்காலி இருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்துத்தான் எங்களுக்கு இழுத்துப் போட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணைக் காட்டிச் சைகையால் ஏதோ சொல்லப் பார்த்தார்.

"நீ உள்ள போ" என்றார் அவர். பிறகு எங்களிடம், "நாலு மாசம் ஆச்சும்மா. இடது கண்ணுல ஒண்ணுமே இல்ல. வலதுல பாதி. பள்ளிக்கூடத்துல வண்டியைத் திருப்பி வாங்கிட்டாங்க. சரியாத்தான் செஞ்சாங்க, பிள்ளைங்க உசுரு. இப்ப நாள் முழுக்க எனக்கு இதுதான் வேலை. அதான் எட்டு எட்டா வருது."

ஒழுங்கு போனதற்கும் காரணம் புரிந்தது. முழுப் புதிரையும் அவரால் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஒவ்வொரு தாளாகத்தான் போட முடியும். இடதும் வலதும் ஒத்திருக்கிறதா என்று யார் பார்ப்பது?

அக்கா அந்தப் புதிரை எடுத்து, இரண்டு ஒன்றுகளையும் காட்டினார். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுக்கிலிருந்து அதன் வரைவை எடுத்து விரித்தார். இடது ஒன்றுக்கு மேல் புள்ளியில் ஒரு இரண்டு எழுதி அழித்திருந்தது. அது இருந்திருந்தால் புதிர் சரி. அந்தப் புள்ளிக்கு ஏற்கெனவே இரண்டு கோடுகள் வந்துவிட்டன, மூன்றாவது வர இடமில்லை என்று தெரிந்திருக்கும். மேல் கட்டம் மறுபக்கம் சாய்ந்திருக்கும், கீழ்க் கட்டமும் அதோடு போயிருக்கும்.

"வளையம் வருதேன்னு இந்த ரெண்டை எடுத்தேன். புதிர் கொஞ்சம் கஷ்டமா இருக்கட்டும்னு." கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்தினார். விரல் இரண்டு தாள்கள் சேரும் டேப் மடிப்புக்கு வந்ததும், ஒரு புள்ளி தள்ளி அடுத்த கோட்டில் ஏறிச் சுற்றி வந்தது. இல்லாத வளையம் எங்கே பிறந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார்.

அக்கா ஆசிரியர் சொன்னதை ஒளிக்காமல் சொன்னார். தம்மிடமிருந்துதான் இந்தச் சந்தேகம் கிளம்பியது என்பதையும் சொன்னார். கத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"மெஷின்னே எழுதிடுங்கம்மா" என்றார் பஸ்காரர். "குருடன் தப்பா போட்டான்னு தெரியறதுக்கு அது தேவலை. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அடுத்து எதை அனுப்பினாலும் பாவம் பாத்துதான் வாங்குவாங்க."

திரும்பும் வழியில் அக்கா பஸ்ஸில் டிக்கெட்டை வாங்கி, சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பையில் போட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அறிக்கையை அன்று மாலையே எழுதினார். ஒரு பக்கம்கூட இல்லை. புதிர் மனிதர் போட்டது, இதோ ஆதாரம் என்று புதிரின் இரண்டு விடைகளையும் வரைந்து, திறவுகோல் வரியையும் தம் டிக்கையும் சேர்த்து வைத்தார். ‘புதிரைப் போடும் முன் விடை உறையைத் திறந்தது என் தவறு. இரண்டு விடை இருந்ததைக் கண்டுபிடிக்காதது என் தவறு. போட்டவர்மேல் சந்தேகத்தைக் கிளப்பியதும் என் தவறு’ என்று முடித்திருந்தார். கண்ணைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஆசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மனுஷன்தான். ஒத்துக்கறேன். ஆனா மேடம், உங்ககிட்ட நான் இதை எதிர்பாக்கலை."

"நானும் எதிர்பாக்கலை சார்."

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. பஸ்காரரின் புதிர்கள் தொடர்ந்து வந்தன. ஆனால் ‘சரிபார்த்தது’ என்ற வரியை நான் எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஆசிரியர் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிட்டார். புதிரை அதில் ஏற்றினால் ஒரு விடையா, இரண்டு விடையா என்று கண் சிமிட்டும் முன் சொல்லிவிடும். போடுவதுதானே மனிதர், சரிபார்ப்பது யாராக இருந்தால் என்ன என்றார். ஒருவர் மெஷின் இல்லை என்று உண்மையைச் சொன்ன அக்காவின் வேலையை மெஷினுக்குக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அக்காவுக்கு வாசகர் கடிதங்களைப் பிரிக்கும் வேலை. அதே எதிர் மேஜைதான். உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிழிப்பார்.

மூன்று மாதம் கழிந்து ஒருநாள் ஆசிரியர் பஸ்காரரின் புதுப் புதிரை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"இவர் புதிர் திடீர்னு இவ்வளவு சுத்தமா வருது. போன மூணு மாசமா சாஃப்ட்வேர்ல ஒண்ணுகூடத் தப்புன்னு திரும்பலை. எண்ணெல்லாம் பழையபடி இடமும் வலமும் ஒத்து வருது. கையெழுத்தும் மாறின மாதிரி இருக்கு. நீதான் இவர் தாளை நிறையப் பாத்திருக்க. இது அவர் எழுதினதுதானா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அந்த எண்களைப் பதினொரு வருஷமாக எதிர் மேஜையில் பார்த்திருக்கிறேன். சின்ன வட்டத்தை மேலிருந்து தொடங்காமல் பக்கவாட்டில் தொடங்குகிற கை எங்கள் அலுவலகத்தில் ஒன்றுதான். சனிக்கிழமை தோறும் அக்காவை அவர் கணவர் ஸ்கூட்டரில் எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்பது அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. பஸ்காரர் பெரிய தாளில் போடுகிறார். அக்கா உட்கார்ந்து கோட்டைத் தொடர்ந்து பார்த்து, இடம் வலம் சொல்லி, கடைசியில் நகல் எடுத்துக் கொடுக்கிறார்.

எதிர் மேஜையில் உறை கிழிக்கும் சத்தம் நின்றுவிட்டது. அக்கா நிமிரவில்லை.

"அவர் கையெழுத்துதான் சார்" என்றேன். "பேனா மாத்தியிருப்பார். எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

ஆசிரியர் தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார். நன்றி சொல்வார் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"இவ்வளவு நல்லாப் பொய் சொல்லுவியா நீ?" என்றார். "இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே."